தாய்ப்பன்றிக்கு வாரிசு

பத்துத் தாய்ப்பன்றிகளும் ஓர் ஆண்பன்றியும் கொண்ட ஒரு சிறு பண்ணையை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் வட்டாரத்தில், ஓட்டல்களில் மிஞ்சும் உணவைக் காய்ச்சியும் தவிடும் புண்ணாக்கும் கலந்தும் வெள்ளை யார்க்ஷயர் இனத்தை வளர்த்துவரும் ஒரு சாமானியக் குடும்பத்தின் பண்ணை என்று அதைப் பாவித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பண்ணையிலிருந்து ஆண்டுதோறும் மூன்று தாய்ப்பன்றிகளாவது வெளியேறிவிடும். ஒன்று மூப்படைந்து குட்டிகளைக் குறைத்துப் போடும். ஒன்று கால் நொண்டும். இன்னொன்று எத்தனை முறை சேர்த்தாலும் சினை பிடிக்காது. அந்த மூன்று ஸ்தானங்களையும் நிரப்ப மூன்று இளம் பெண்பன்றிகள் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இராது. ஆனால் அவற்றை எப்பொழுது, எதைக் கண்டு தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். கறிக்கு விற்க வியாபாரி வந்து நிற்கும் அன்று, கொழுத்து நிற்கும் கூட்டத்தில் கண்ணுக்கு லட்சணமாகத் தோன்றும் இரண்டு மூன்றை ஒதுக்கி, ‘இவை வீட்டுக்கு இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுவதே வழக்கம். அன்று கண்ணில் படும் லட்சணங்களோ கறிக்குரியவை. தாய்மைக்குரிய லட்சணங்கள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தோன்றத் தொடங்கி, அவற்றில் மிக முக்கியமானது அன்றைக்கும் தோன்றாமலே இருக்கக்கூடும்.

தேர்வு பிறந்த அன்றே தொடங்குகிறது. குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் எடை பார்த்து, ஒரு கிலோவுக்குக் குறைந்த பெண்குட்டிகளை வாரிசுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. அவை பிற்காலத்தில் எடையை ஓரளவு ஈடுசெய்துகொண்டாலும், தாய்ப்பன்றியாக நெடுநாள் நிலைப்பவை அவற்றுள் குறைவு. எஞ்சியவற்றின் காதில் வெட்டுக் குறியிட்டு, தாய் எது, தந்தை எது, பிறந்த நாள் எது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த நோட்டு இல்லாமல் இனிமேல் நாம் பேசப்போகும் எந்தக் காரியமும் நடவாது.

தாய் எது என்று குறிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே ஈற்றில் பதினான்கு குட்டி போட்ட பன்றியின் மகளும் பதினான்கு போடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இயற்கை அவ்வளவு தாராளமாக வாக்குக் கொடுப்பதில்லை. உடல் வளரும் வேகத்திலும் முதுகுக் கொழுப்பின் கனத்திலும் காணும் வேற்றுமைகளில் கணிசமான பங்கு வம்சவழியாக இறங்குகிறது; குட்டிகளின் எண்ணிக்கையில் காணும் வேற்றுமையிலோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அவ்வாறு இறங்குகிறது; மற்றவை ஆகாரம், பருவகாலம், சேர்த்த நேரம், தற்செயல் ஆகியவற்றின் விளைவு. ஆகவே ஒரு தாயின் ஒரே பெரிய ஈற்றைப் பார்த்து மயங்காமல், அதன் மூன்று ஈற்றுகளின் சராசரியையும், அவற்றில் பால்மறக்கும் நாள்வரை பிழைத்த குட்டிகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதே நியாயம். அதிலும் ஒரு விபரீதம் உண்டு: மிகப் பெரிய ஈற்றில் பிறந்து, ஒரு முலைக்குப் பலர் போட்டியிட்டு வளர்ந்த பெண்குட்டி, தன் தாயின் நல்ல சுபாவத்தைப் பெற்றிருந்தும், பாலின் பற்றாக்குறையால் அதை வெளிக்காட்ட முடியாமல் போகலாம். வாரிசாக நினைத்த குட்டிகளுக்குப் பால் தாராளமாகக் கிடைக்கும்படி அந்த ஈற்றின் சில ஆண்குட்டிகளை, குறைவாக ஈன்ற வேறொரு தாயிடம் மாற்றிவிடுவது எளிய உபாயம்.

இங்கே பலர் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். மாட்டில் காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி பெரும்பாலும் மலடாகிறதே, பன்றியில் ஆண்களோடு கூடப் பிறந்த பெண்குட்டிகளெல்லாம் அப்படி ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. மாட்டின் இரட்டைக் கருக்களில் இரு நஞ்சுக்கொடிகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் ஆண் கருவின் சுரப்புநீர் பெண் கருவைச் சென்று தாக்குகிறது. பன்றியில் அப்படிக் கலப்பது அபூர்வம். அந்த அச்சத்தை விட்டுவிட்டு, உடன்பிறந்த ஆண்குட்டிகளைப் பற்றி வேறொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்குக் குடலிறக்கமோ, விதை இறங்காத குறையோ, மலத்துவாரம் அடைபட்ட குறையோ இருந்தால், அந்த ஈற்றிலிருந்து பெண்குட்டி எடுக்கலாகாது. அக்குறை பெண்ணின் உடலில் தெரியாமல் ஒளிந்திருந்து, அதன் மகன்களிடம் வெளிப்படும்.

பால்மறக்கும் சமயம் முலைக்காம்புகளை எண்ண வேண்டும். பன்னிரண்டுக்குக் குறையலாகாது, பதினான்கு இருந்தால் மிக நன்று. எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம். காம்புகள் இரு வரிசையிலும் சம இடைவெளியோடு, தொப்புளுக்கு முன்னால் பக்கத்துக்கு மூன்றேனும் இருக்கும்படி அமைந்திருந்தால்தான், தாய் ஒருக்களித்துப் படுக்கும்போது அடிவரிசைக் காம்புகளும் குட்டிகளுக்கு எட்டும். குட்டியை மல்லாக்கப் பிடித்து, ஒவ்வொரு காம்பின் அடியிலும் இரு விரல்களால் இலேசாக அழுத்திப் பார்த்தால், நல்ல காம்பு வெளியே துருத்தும். உட்குழிந்த காம்பு உள்ளேயே நின்றுவிடும். உட்குழிந்த காம்பிலிருந்து குட்டிக்குப் பால் கிடைப்பதில்லை என்பதோடு, அது பரம்பரையாக இறங்கும் குறையும் ஆகும். இந்தப் பரீட்சையில் தேறிய ஆறு குட்டிகளை வைத்துக்கொள்ள வேண்டும். தேவை மூன்றாயிருக்க ஆறு ஏன் என்றால், பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பது அநுபவம். மூன்றை மட்டும் வைத்திருப்பவன், பிற்பாடு குறையைக் கண்டாலும் கழிக்க மனமின்றி அதையே தாயாக்கிவிடுவான்.

நூறு நாள் ஆகும்போது வால்புறத்தைப் பார்க்க வேண்டும். கூச்சத்தினாலோ அறியாமையினாலோ பலரும் கவனியாத இடம் இது. அந்த வயதில் உடன்பிறந்தவற்றின் பெண்குறி ஓரளவு பருத்திருக்க, ஒன்றினுடையது மட்டும் கைக்குழந்தைக் குட்டியினுடையது போலவே சிறுத்திருக்குமானால், உள்ளே கருப்பையும் சூலகமும் பின்தங்கியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்டவை பருவமடைவதில் தாமதிக்கும், சில அடைவதே இல்லை. நுனி மேல்நோக்கி வளைந்த பெண்குறியும் ஆகாது. சேர்க்கை கடினமாவதுடன் சிறுநீர்ப் பாதையில் கிருமி ஏறுவதற்கும் அது இடங்கொடுக்கும்.

ஏறக்குறைய அறுபது கிலோ எடையில் வாரிசுகளைக் கறிக்கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் கொட்டிலில் விட வேண்டும். கறிப்பன்றிக்கு வேண்டியது சீக்கிரமாக எடை. தாயாகப் போவதற்கு வேண்டியது எலும்பும், அளவான கொழுப்பும். ஓட்டல் மிச்சத்தில் எண்ணெயும் மாவும் மிகுதி, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் குறைவு. அதை மட்டுமே தின்று வளரும் பெண்பன்றி வெளிப்பார்வைக்கு உருண்டு திரண்டு நிற்கும், ஆனால் முதல் ஈற்றுக்குப் பால் கொடுக்கத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழித்து, பின்கால் விழுந்து படுத்துவிடும். தாது உப்புக் கலவை சேர்த்த தவிடு, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, மீன்தூள் ஆகியவற்றைக் கொண்ட அடர்தீவனத்தை இந்த வயதிலேயே தொடங்குவதன் காரணம் இதுவே.

கால்களைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளந்தாய்களை வெளியேற்றும் காரணங்களில் சினை பிடியாமைக்கு அடுத்தபடி நொண்டலே பிரதானம். அதற்கு வித்திடும் அமைப்பையோ ஐந்தாம் மாதத்திலேயே கண்ணால் காணலாம். நிற்கும் பன்றியை மட்டும் பார்த்தால் போதாது. சமதளமான காரைத் தரையில் நடக்கவிட்டுப் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்க வேண்டும். நல்ல கால் குளம்புக்குச் சற்று மேலே இலேசாக மடங்கி, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் அந்த மடக்கிலேயே வாங்கிக்கொள்ளும். பின்கால் கம்பம்போல் நேராக நிமிர்ந்து நின்றால் அந்த அதிர்ச்சி மூட்டுக்குப் போய்ச் சேரும். பார்வைக்கு அந்தப் பன்றி கம்பீரமாகத் தெரிவதால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். முன்முழங்கால் முன்னோக்கித் துருத்தி நடுங்குவதும், நடையில் புட்டம் இருபுறமும் மிகுதியாக ஆடுவதும், அடி குறுகியிருப்பதும் கெட்ட அறிகுறிகள். ஒவ்வொரு பாதத்திலும் இரு குளம்புகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும்; உட்குளம்பு சிறுத்து வெளிக்குளம்பு பெருத்திருந்தால் பாரம் முழுவதும் ஒரு பக்கமே விழுந்து அது வெடிக்கும். இதையெல்லாம் மீறி, படுத்திருக்கும் பன்றியை எழுப்பும்போது அது தயங்காமல் எழுகிறதா என்று பார்ப்பதே என் அபிப்பிராயத்தில் சிறந்த சோதனை.

இதுவரை சொன்னவை மனிதன் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகள். இனி வருவது அந்தப் பிராணி தானே சொல்லும் தீர்ப்பு. மற்றெல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். இளம் பெண்பன்றி தானாகவே ஆறிலிருந்து ஏழு மாதத்துக்குள் முதற்பருவத்துக்கு வரக்கூடும். வராமல் எட்டாம் மாதத்துக்கும் இழுத்தடிக்கக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தத் தாமதம் இன்னும் நீளும். ஆனால் நூற்றறுபதாம் நாள் முதற்கொண்டு நாள்தோறும் முதிர்ந்த ஓர் ஆண்பன்றியைக் கால்மணி நேரம் அவற்றின் கொட்டிலுக்குள் விட்டால், நல்ல இனவளம் உள்ளவை சில வாரங்களிலேயே பருவத்துக்கு வந்துவிடுகின்றன. ஆண்பன்றி வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். விதையில் உண்டாகும் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற ஒரு பொருள் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் தங்கி, அந்த நுரையின் வழியாக வெளிப்படுகிறது. அதன் வாசனையும், ஆணின் குரலும், உரசலும், முட்டலும் சேர்ந்தே பெண்ணின் மூளையைத் தூண்டி, சூலகத்தை விழிக்கச் செய்கின்றன. ஆகையால் தடுப்புச்சுவருக்கு அப்பாலிருந்து வெறுமனே காட்டுவது பாதிப் பலனே தரும். பத்து மாதத்துக்குக் குறைந்த ஆண்பன்றியால் பயனில்லை. அதற்கு இன்னும் அந்த வாசனை முழுமையாக உண்டாகியிராது. இரவும் பகலும் பக்கத்துக் கொட்டிலிலேயே ஆணைக் கட்டிவைப்பதும் தவறு. பழகிப்போன வாசனைக்கு வீரியம் குறைந்துவிடும். இந்தக் கால்மணி நேரமும் ஒருவர் கூடவே நிற்பது அவசியம். இல்லாவிட்டால் முதற்பருவத்திலேயே சேர்க்கை நடந்து முடிந்துவிடும்.

பருவத்தை அறிவது எளிது. தவறவிடுவதும் அதே அளவுக்கு எளிது. பெண்குறி சிவந்து வீங்குவது முன்னறிவிப்பு மட்டுமே. அந்தச் சிவப்பு சற்றே வாடத் தொடங்கும்போதுதான் உண்மையான பருவம். அப்பொழுது ஆணின் முன்னிலையில் அதன் இடுப்பை இரு கைகளாலும் அழுத்தினால், காதுகளை விறைத்துக்கொண்டு கல்லாய் நிற்கும். இளம் பன்றியில் இந்த நிலை ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். பின்பு இருபத்தொரு நாள் கழித்தே திரும்ப வரும். நின்ற நாளை நோட்டில் எழுத வேண்டும்.

நம் பண்ணையின் ஆறு பன்றிகளும் ஜனவரி 10-ஆம் தேதி ஒட்டிப் பிறந்தவை என்று கொள்வோம். ஏப்ரலில் பெண்குறி சிறுத்திருந்த ஒன்றும், ஜூன் தொடக்கத்தில் எழத் தயங்கிய ஒன்றும் கறிக்குப் போய்விட்டன. எஞ்சிய நான்கின் முன் ஜூன் 19 முதல், அதாவது நூற்றறுபதாம் நாள் முதல், ஆண்பன்றி விடப்படுகிறது. முதலாவது பன்றி ஜூன் 30 அன்று நிற்கிறது; இரண்டாவது ஜூலை 9; மூன்றாவது ஜூலை 24. நான்காவதோ நான்கிலும் எடை மிகுந்தது, வழவழப்பானது, வந்தவர்களெல்லாம் கை காட்டிப் புகழ்ந்தது. ஆகஸ்டு 10 ஆகியும், ஐம்பது நாளுக்கு மேல் ஆணைக் கண்டும், ஒரு முறைகூட நிற்கவில்லை. அதை அன்றே விற்றுவிட வேண்டும். ஊசி போட்டுப் பருவத்துக்கு வரச்செய்யலாமே என்றால், செய்யலாம். சில வேளை சினையும் பிடிக்கும். ஆனால் முதற்பருவத்துக்கு எளிதில் வராதது, ஈன்று பால்மறக்கச் செய்தபின் மறுபருவத்துக்கும் எளிதில் வருவதில்லை. அந்தச் சுபாவத்தை அதன் பெண்களிடமும் சேர்த்து வளர்த்தவர்கள் ஆவோம்.

முதற்பருவத்திலேயே ஏன் சேர்க்கக் கூடாது? முதற்பருவத்தில் உதிரும் சினைமுட்டைகளைவிட இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உதிர்பவை அதிகம். ஈற்றில் குட்டிகளும் அதற்கேற்பக் கூடும். உடலும் ஒரு காரணம். முதல் ஈற்றுக்குப் பாலூட்டும்போது தாய்ப்பன்றி தான் தின்பது போதாமல் தன் சதையையும் கொழுப்பையும் கரைத்துப் பாலாக்குகிறது. எடையின்றிச் சினைப்பட்டது அவ்வாறு கரைந்தபின், பருவத்துக்கு வரத் தாமதித்தோ, இரண்டாம் ஈற்றில் முதலாவதைவிடக் குறைவாக ஈன்றோ பழிவாங்கும். மேல்நாடுகளில் விரைந்து வளரும் இக்கால வம்சங்களை 135 முதல் 150 கிலோ எடையில் சேர்க்கிறார்கள். நம் வெப்பத்திலும் நம் தீவனத்திலும் வளரும் வெள்ளை யார்க்ஷயருக்கு அந்த அளவுக்குக் காத்திருப்பது வீண். ஏழு எட்டு மாத வயதும் 105 கிலோவுக்குக் குறையாத எடையும் கொண்டு, இரண்டாவது அல்லது அதற்குப் பிந்திய பருவமாக இருந்தால் போதும். மூன்றும் ஒருங்கே கூட வேண்டும். வயது வந்துவிட்டது என்பதற்காக எடையையோ, எடை வந்துவிட்டது என்பதற்காகப் பருவத்தையோ விட்டுக்கொடுக்கலாகாது.

இந்த அளவுகோலை நம் மூன்றுக்கும் வைத்துப் பார்ப்போம். ஜூலை 9-இல் நின்ற பன்றிக்கு மூன்றாம் பருவம் ஆகஸ்டு 20. அன்று வயது 222 நாள், எடை 112 கிலோ. சேர்க்கலாம். மூன்றாவது பன்றிக்கு மூன்றாம் பருவம் செப்டம்பர் 4. வயது 237 நாள், எடை 115 கிலோ. அதையும் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் முந்திப் பருவமடைந்த முதற்பன்றியோ மூன்றாம் பருவமான ஆகஸ்டு 11 அன்று 213 நாள் வயதும் 98 கிலோ எடையுமாக நிற்கிறது. மனம் அவசரப்படும்; ஆனால் இருபத்தொரு நாள் பொறுத்தால் செப்டம்பர் 1 அன்று அது 110 கிலோவை எட்டும். 114 நாள் சினைக்காலத்தைக் கூட்டினால் மூன்றும் டிசம்பர் 12, 24, 27 தேதிகளையொட்டி, ஒரு வயது நிறையுமுன் ஈனும். பின்னிரண்டும் சில நாள் இடைவெளியில் ஈனுவதால், ஒன்றில் மிஞ்சிய குட்டிகளை மற்றொன்றுக்கு மாற்றும் வசதியும் தானாக அமைகிறது.

பருவ நாளை எழுதிவைத்ததன் இன்னொரு லாபம் தீவனத்தில் தெரியும். சேர்க்கப்போகும் பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பிருந்து, நாளொன்றுக்கு இரண்டு கிலோவாக இருந்த அடர்தீவனத்தை மூன்று கிலோவுக்கு உயர்த்தினால் உதிரும் முட்டைகளின் எண்ணிக்கை கூடுகிறது; முதலில் அரைகுறையாகத் தின்று வந்தவற்றில் இந்தப் பலன் விசேஷமாகத் தெரியும். இரண்டாவது பன்றிக்கு இது ஆகஸ்டு 9 வாக்கில் தொடங்க வேண்டும் என்பது, ஜூலை 30-இல் அது இரண்டாம் முறை நின்றதை எழுதியவருக்கே தெரியும். சேர்த்த அன்றே பழைய இரண்டு கிலோவுக்குத் திரும்பிவிடுவது ஜாக்கிரதையான வழக்கம். ஆகாரம் மிகுந்தால் ஈரலில் ரத்த ஓட்டம் மிகுந்து, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ரத்தத்திலிருந்து விரைவில் கழிந்துபோகக்கூடும்.

இதே காலத்தில் செய்ய வேண்டிய மற்றொரு காரியம், இளம் பன்றிகளைப் பண்ணையின் கிருமிகளுக்குப் பழக்குவது. பன்றிக் காய்ச்சலுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் சொல்லும் முறைப்படி முன்னமே போட்டிருக்க வேண்டும். பார்வோ என்ற நச்சுயிரி மட்டும் வேறு விதம்: அது ஈனாத பன்றிக்கு எந்த நோயும் காட்டாது, ஆனால் சினையின் முதற்பாதியில் முதன்முறையாகத் தொற்றினால் கருக்கள் ஒவ்வொன்றாக இறந்து, கறுத்துச் சுருங்கிய பிண்டங்களாக வெளிவரும். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு மாதம்வரைகூட நீடித்துத் தடுப்பூசியைச் செயலற்றதாக்கிவிடுவதால், ஊசியை ஆறு மாதத்துக்குப் பிறகே, சேர்க்கைக்குச் சில வாரம் முன்பாகப் போட வேண்டும். ஊசி கிடைக்காத இடத்தில், பண்ணையின் முதிய தாய்ப்பன்றிகளோடு ஆறு வாரமாவது பழகவிட்டு, இயற்கையாகவே தொற்றித் தேறும்படி செய்யலாம். ஆனால் அந்த வழி நிச்சயமானதன்று. வெளியிலிருந்து வாங்கிய பன்றியானால், இப்படிப் பழக விடுமுன் முதலில் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்ப்பது அவசியம்.

யாரோடு சேர்ப்பது என்பதில்தான் சிறு பண்ணை அதிகம் இடறுகிறது. ஒரே ஆண்பன்றி உள்ள பண்ணையில், இந்தப் பெண்களைப் பருவத்துக்குத் தூண்டிய ஆண் அவற்றின் தந்தையாகவே இருக்கும். தூண்டுவதற்குத் தந்தை உதவும், சேர்ப்பதற்கு உதவாது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டிகளின் உள்ளினக் கலப்பு கால் பங்கு. குட்டிகள் குறைவதும், நோஞ்சானாகப் பிறப்பதும், மறைந்திருந்த குறைகள் வெளிப்படுவதும் அதன் விளைவு. ஓர் ஆண்பன்றி சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால், சினைக்காலம் நான்கு மாதமும் மகள் வளர எட்டு மாதமுமாக ஓராண்டில் இந்தச் சங்கடம் வந்து நிற்கிறது. ஆகவே ஆண்டுக்கொரு முறை அண்டைப் பண்ணையோடு ஆண்பன்றியை மாற்றிக்கொள்வதோ, நோயற்றதென்று தெரிந்த பண்ணையிலிருந்து வேறொன்றை வாங்குவதோ, விந்து கிடைக்கும் இடங்களில் செயற்கைக் கருவூட்டலை நாடுவதோ ஆகஸ்டு பிறக்குமுன் ஏற்பாடாகிவிட வேண்டும். இயற்கைச் சேர்க்கையானால், புதிய ஆண் மிகப் பாரமானதாக இருந்தால் இளம் பன்றியின் பின்கால் தாங்காது. எடையில் ஒத்ததாகத் தேடுவது நல்லது.

பெண்பன்றி அசையாமல் நிற்பதைக் கண்டபின் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், அதற்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும், நாளின் குளிர்ந்த வேளையில் சேர்க்க வேண்டும். முட்டைகள் பருவத்தின் பிற்பகுதியில்தான் உதிர்கின்றன. விந்து அவற்றுக்கு முன்னே போய்க் காத்திருப்பது அவசியம். சேர்த்தபின் முதல் மாதம் முழுவதும் இடமாற்றமும் புதிய கூட்டாளிகளோடு சண்டையும் வெயில் அலைச்சலும் ஆகா; கருக்கள் கருப்பையின் சுவரில் ஒட்டி நிலைபெறும் காலம் அதுவே. தாய்ப்பன்றிக் கூட்டத்தில் சேர்ப்பதை முப்பது நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டு 20-இல் சேர்ந்த பன்றியை மட்டும், பழைய கொட்டிலில் இருந்தபடியே, செப்டம்பர் 8 முதல் 12 வரை காலையும் மாலையும் ஆணுக்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும். நிற்காமல் விலகி ஓடினால் சினை என்று பெரும்பாலும் நம்பலாம். இருந்தாலும் அடுத்த இருபத்தொன்றாம் நாளான அக்டோபர் 1-ஐ ஒட்டி இன்னொரு முறை பார்ப்பது உத்தமம். நின்றால் அதே பருவத்தில் மறுபடி சேர்க்கலாம். அதன் பிறகும் திரும்பி வந்தால், நோட்டில் அதன் பெயருக்கு எதிரே விற்ற விலையை எழுதிவிட வேண்டியதுதான்.